பட்டியலில் 11ஆவது இடம் என்றால் எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள்?

சுங்கை சிப்புட் மகள் — 10 மார்ச் 2025, இரவு 9.20

அப்பாவின் விபத்து வழக்கு வரும் புதன்கிழமை ஈப்போ உயர் நீதிமன்றத்தில் பட்டியலிடப்பட்டிருக்கிறது. தோட்டத்தில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது லாரி மோதி அவருடைய இடது கால் முறிந்தது. செஷன்ஸ் நீதிமன்றம் எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லி, எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்திருக்கிறது. நீதித்துறையின் இணையப் பக்கத்தில் அன்றைய பட்டியலைத் திறந்து பார்த்தேன். மொத்தம் 14 வழக்குகள் இருக்கின்றன, காலை 9 மணி என்று போட்டிருக்கிறது, எங்களுடையது 11ஆவது. ஒரு வழக்குக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் முன்னால் இருக்கும் பத்து வழக்குகள் முடிய 12.20 ஆகிவிடும். அப்பாவால் நீண்ட நேரம் உட்கார முடியாது. ஆகவே 11.30 மணி அளவில் அவரை அழைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைக்கிறேன். இது சரியா?

எங்கள் வரியை அப்படியே கீழே தருகிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன், எண்ணையும் சிறிது மாற்றியிருக்கிறேன்.

```
11   AA-12BNCvC-9-02/2024   Perayu: ... dan 1 lagi
                            Responden: ...
                            Pengurusan Kes    9.00 pagi
```

பீடோர் வாசகர் — 10 மார்ச் 2025, இரவு 9.55

உங்கள் கணக்கு ஏறக்குறைய சரி. ஆனால் நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. எண்ணின் கடைசியில் 02/2024 என்று இருக்கிறது. அது விசாரணை நடக்க வேண்டிய மாதம். பிப்ரவரி 2024இல் நடந்திருக்க வேண்டியது ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது என்று பொருள், வழக்கறிஞரிடம் காரணம் கேளுங்கள். மேலும், மேல்முறையீடு என்பதால் மூன்று நீதிபதிகள் உட்காருவார்கள். மூவர் உட்கார்ந்தால் ஒவ்வொரு வழக்குக்கும் நேரம் கூடும், 20 நிமிடம் போதாது.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் — 10 மார்ச் 2025, இரவு 10.40

நான் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். காலையில் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வழக்குகளைக் கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்: பட்டியலின் இடது ஓரத்தில் இருக்கும் எண், கூப்பிடும் வரிசை அன்று. அது பட்டியல் தயாரித்தவர் கணினியில் போட்ட வரிசை மட்டுமே. 11ஆவது வழக்கு முதலாவதாகக் கூப்பிடப்பட்டதை நான் எத்தனையோ காலை நேரங்களில் பார்த்திருக்கிறேன்.

தங்கச்சி, அந்த வரியில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது எண்ணை அன்று, கடைசியில் இருக்கும் இரண்டு சொற்களை. Pengurusan Kes என்றால் வழக்கு மேலாண்மை. அன்று வாதம் கிடையாது, சாட்சி கிடையாது. மேல்முறையீட்டுப் பதிவேடு தாக்கலாகிவிட்டதா, எழுத்துமூல வாதத்தை எந்தத் தேதிக்குள் தர வேண்டும், எப்போது விசாரணைக்கு வைக்கலாம் என்பதை இரு தரப்பு வழக்கறிஞர்களிடமும் கேட்டுத் தேதி குறிப்பார்கள். பெரும்பாலும் இதைச் செய்பவர் துணைப் பதிவாளர் அல்லது முதுநிலை உதவிப் பதிவாளர். ஒரு வழக்குக்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது. 11.30 மணிக்கு நீங்கள் போய்ச் சேர்ந்தால் அறை காலியாக இருக்கும். அதைவிட முக்கியமானது, அப்பா அன்று வர வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது.

பீடோர் அன்பர் சொன்ன இரண்டும் சரியில்லை. 02/2024 என்பது மேல்முறையீடு பதிவான மாதமும் ஆண்டும். செஷன்ஸ் தீர்ப்பு கிடைத்த 14 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், தீர்ப்பு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வந்திருக்கும் என்று இந்த எண்ணைப் பார்த்தே ஊகிக்கலாம். அதற்கு முன் இருக்கும் 9, அந்த வகையில் பதிவான வரிசை எண். மூன்று நீதிபதிகள் உட்காருவது புத்ராஜெயாவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்தில். செஷன்ஸ் நீதிமன்றத்திலிருந்து வரும் மேல்முறையீட்டை உயர் நீதிமன்றத்தில் ஒரே நீதிபதிதான் கேட்பார்.

சுங்கை சிப்புட் மகள் — 11 மார்ச் 2025, காலை 6.50

ஐயா, மிக்க நன்றி. தீர்ப்பு 2024 ஜனவரி 24ஆம் தேதி வந்தது, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது.

இப்போது வேறொரு குழப்பத்தை எழுதுகிறேன். மூன்று மாதங்களாக நான் பழைய எண்ணையே போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். எங்களிடம் இருந்த எல்லாத் தாள்களிலும் AA-A53KJ-118-07/2021 என்ற எண்தான் இருந்தது. தேடினால் ஒன்றும் வரவில்லை. வழக்கை மூடிவிட்டார்களோ என்று அம்மா அழுதுகொண்டே இருந்தார். பிறகு வழக்கறிஞரின் குமாஸ்தா ஒரு கடிதத்தில் புதிய எண்ணை அனுப்பினார். இரண்டும் AA என்று தொடங்குவதால், இரண்டும் ஒரே நீதிமன்றம் என்றும் தட்டச்சில் பிழை என்றும் நினைத்தேன்.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் — 11 மார்ச் 2025, காலை 8.15

AA என்பது இடத்தைச் சொல்கிறது, நீதிமன்றத்தின் படியைச் சொல்வதில்லை. முதல் A பேராக் மாநிலம், இரண்டாவது A ஈப்போ. தைப்பிங் என்றால் AB. ஈப்போ செஷன்ஸுக்கும் ஈப்போ உயர் நீதிமன்றத்துக்கும் அதே AA தான். படியைச் சொல்வது அதற்கு அடுத்த பகுதி. A53KJ என்பதில் உள்ள KJ சாலை விபத்து, மலாயில் கெமாலாங்கான் ஜாலான்; 53 செஷன்ஸ் நீதிமன்றத்தின் குறியீடு. உங்கள் அப்பாவின் வழக்கில் 12 என்று வந்துவிட்டதென்றால் அது செஷன்ஸிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு ஏறிய சிவில் மேல்முறையீடு. அங்கே அது புதிய கோப்பு, புதிய எண், புதிய மாதம். பழைய எண் அன்றாடப் பட்டியலில் வராது.

பெயரைப் போட்டுத் தேடினாலும் தவறும் இடம் ஒன்று உண்டு. செஷன்ஸில் உங்கள் அப்பா வாதி, அவர் பெயர் முதலில் இருக்கும். மேல்முறையீடு செய்தது எதிர்த்தரப்பு என்பதால் இப்போது லாரி ஓட்டுநரின் பெயர் Perayu என்று முதலில் வந்து, அப்பா Responden ஆகிவிட்டார். லாரியின் உரிமையாளர் அந்த dan 1 lagi என்ற சொற்களுக்குள் போய்விட்டார். நம்மவர்கள் இன்னொன்றையும் தேடிக் களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்: காப்புறுதி நிறுவனத்தின் பெயர். பணம் கொடுக்கப்போவது அவர்கள், வழக்கறிஞரை வைத்திருப்பதும் அவர்கள், ஆனால் வழக்கு ஓட்டுநர், உரிமையாளர் பெயரில் நடப்பதால் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்காது.

தாப்பா தோட்டத்துக்காரர் — 11 மார்ச் 2025, பகல் 1.05

நானும் இதே பக்கத்தில் இரண்டு வாரமாகத் தேடுகிறேன். என் பெயரே இல்லை. செம்பனைத் தோட்டத்தில் 19 ஆண்டு வேலை செய்த என்னை ஒரே கடிதத்தில் நிறுத்திவிட்டார்கள். வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லை என்றால் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்றுதானே பொருள்? நீங்கள் விபத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், வேலை போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் — 11 மார்ச் 2025, பகல் 2.30

அண்ணே, தள்ளுபடி என்று பொருள் இல்லை, மனத்தைத் தளரவிடாதீர்கள். தொழிலியல் நீதிமன்றம் மனிதவள அமைச்சின் கீழ் வருவது. மாஜிஸ்திரேட், செஷன்ஸ், உயர் நீதிமன்றங்களின் பட்டியலில் அதன் வழக்குகள் சேராது. அதன் எண்ணும் மாநில எழுத்தோடு தொடங்குவதில்லை, சாய்கோடுகளும் எண்களுமாக இருக்கும். உங்களுக்கு வந்த கடிதத்தின் மேற்பகுதியில் இருக்கும் எண்ணை எடுத்துக்கொண்டு அந்த நீதிமன்றத்தின் சொந்தப் பட்டியலில் பாருங்கள், அல்லது கடிதத்தில் உள்ள அலுவலகத் தொலைபேசிக்கு அழைத்து எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

பீடோர் வாசகர் — 11 மார்ச் 2025, இரவு 8.10

மாதத்தைப் பற்றி நான் எழுதியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீதிபதியைப் பற்றி ஒன்று கேட்கிறேன். என் மைத்துனர் வழக்கின் பட்டியலில் PK என்று போட்டிருந்தது. PK என்றால் பெசுருஜாயா கெஹாக்கிமான், அதாவது நீதித்துறை ஆணையர். ஆகவே இவருடைய வழக்கையும் பதிவாளர் கேட்பார் என்று சொல்ல முடியாது, ஆணையர் கேட்கலாம் அல்லவா?

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் — 11 மார்ச் 2025, இரவு 9.00

ஒரே சுருக்கம் இரண்டுக்கும் பொருந்துவதால் வரும் குழப்பம் இது. எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால் தெளியும். பட்டியலின் தலையில், YA என்ற மரியாதைச் சொல்லோடு, ஒருவருடைய பெயருக்குப் பக்கத்தில் நின்றால் அது நீதித்துறை ஆணையர். வழக்கின் வரியில், எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று சொல்லும் பத்தியில் நின்றால் அது வழக்கு மேலாண்மை. யார் முன்னால் என்பதை எப்போதும் தலைப்பிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். YA என்றால் நீதிபதியோ ஆணையரோ. துவானோ புவானோ போட்டு அதனுடன் பதிவாளர் பதவி இருந்தால் பதிவாளர்.

நேற்று நான் எழுதியதில் ஒரு திருத்தம். வழக்கு மேலாண்மையைப் பெரும்பாலும் பதிவாளர் செய்வார் என்றேன், அது சரி. ஆனால் சில நீதிபதிகள் தங்கள் மேல்முறையீடுகளைத் தாங்களே மேலாண்மைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஆகவே வரியில் உள்ள சொல்லை மட்டும் பார்த்து யார் முன்னால் என்று முடிவு செய்யாதீர்கள்.

சுங்கை சிப்புட் மகள் — 12 மார்ச் 2025, பகல் 12.10

நேற்று மாலையே குமாஸ்தாவை அழைத்துக் கேட்டேன். இன்றைய மேலாண்மையை வழக்கறிஞர்கள் நேரில் போகாமல் இ-ரிவியூ வழியாகவே முடிப்பதாக இருந்ததாம். அவரவர் அலுவலகத்திலிருந்தே பதிவாளருக்குச் செய்தி எழுதுவார்கள், அவரும் எழுத்திலேயே தேதி கொடுப்பார். 10.05 மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. மே 21 விசாரணை.

என்னை வருத்துவது இதுதான். நான் பார்த்த வரியில் இ-ரிவியூ என்று எந்தக் குறிப்பும் இல்லை. 9.00 மணி என்று மட்டுமே இருந்தது. இங்கே கேட்டிருக்காவிட்டால், ஒரு நாள் விடுப்பு எடுத்து, நடக்க முடியாத மனிதரை 30 கிலோமீட்டர் காரில் கொண்டுபோய், பூட்டிய கதவின் முன் நிறுத்தியிருப்பேன். பட்டியலைப் பார்த்தே இதை அறிய வழி உண்டா?

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் — 12 மார்ச் 2025, மாலை 5.45

எனக்குத் தெரிந்த வரையில் அந்த வரியை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. மேலாண்மை என்று கண்டால் நேரில் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம், விசாரணை என்று கண்டால் குறைவு. அதற்கு மேல் முந்தைய நாள் மாலை குமாஸ்தாவிடம் கேட்பதே வழி.

பீடோர் வாசகர் — 12 மார்ச் 2025, இரவு 7.30

விசாரணை என்றாலும் ஜூமில் நடக்கலாம். 2020இல் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுங்கை சிப்புட் மகள் — 19 மே 2025, இரவு 8.45

இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. பட்டியல் வந்துவிட்டது. இம்முறை தலைப்பில் YA என்று ஒரு நீதிபதியின் பெயர் இருக்கிறது. மொத்தம் 9 வழக்குகள், எங்களுடையது 7ஆவது. நான் கற்றுக்கொண்டபடி கடைசிப் பத்தியை மட்டும் எடுத்து எழுதுகிறேன்: நான்கு வழக்குகள் Pengurusan Kes, ஒன்று Keputusan, எங்களுடையதைச் சேர்த்து மூன்று Pendengaran, கடைசியாக உள்ள ஒன்று Sambung Bicara. குமாஸ்தா நேரில் நடக்கிறது என்று உறுதி சொன்னார். அப்பா வந்தே தீருவேன் என்கிறார். தன் காலைப் பற்றி மற்றவர்கள் பேசுவதை ஒரு முறையாவது காதால் கேட்க வேண்டுமாம். எந்த வரிசையில் போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா, ஐயா?

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் — 19 மே 2025, இரவு 10.10

மணியைச் சொல்ல முடியாது, போக்கைச் சொல்லலாம். முதலில் மேலாண்மை நான்கும் போகும், அவை சிறியவை. பல வழக்கறிஞர்கள் அடுத்த அறைக்குப் போக வேண்டியவர்கள் என்பதால் சீக்கிரம் விடுவிக்கப் பார்ப்பார்கள். பிறகு தீர்ப்பு, பிறகு விசாரணைகள். Sambung Bicara என்பது ஏற்கெனவே தொடங்கிய சாட்சி விசாரணையின் தொடர்ச்சி. அது நாளின் மீதியை எடுத்துக்கொள்ளும் என்பதால் கடைசியில் வைப்பார்கள். உங்களுக்கு முன்னால் உண்மையில் நிற்பவை ஆறு வழக்குகள் அல்ல, அதிகபட்சம் இரண்டு விசாரணைகள்.

அந்த மூன்று விசாரணைகளுக்குள் யார் முதலில் என்பதை ஒன்றுதான் தீர்மானிக்கும்: எந்த வழக்கில் இரு தரப்பு வழக்கறிஞர்களும் வந்து தங்கள் வருகையைப் பதிந்துவிட்டார்கள் என்பது. சில இடங்களில் அதற்கு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். என் காலத்தில் அவர்கள் என் மேசைக்கு வந்து சொல்வார்கள், நான் பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன், மறு தரப்பு வந்ததும் அதன் மேல் குறுக்குக் கோடு. குறுக்குக் கோடு விழுந்த கோப்புகளை எடுத்து மேலே அடுக்குவேன். 2ஆம் எண் வழக்கறிஞர் வேறு அறையில் மாட்டிக்கொண்டிருந்தால் அவருடைய கோப்பு ஒதுங்கி நிற்கும், 7ஆம் எண் முன்னால் போய்விடும். ஆகவே 8.45 மணிக்கே போய்விடுங்கள். கதவில் ஒட்டியிருக்கும் தாளையும் பாருங்கள், இணையத்தில் வந்த பிறகு மாறியது ஏதேனும் இருந்தால் அங்கே தெரியும். அப்பாவுக்கு ஒரு சிறு தலையணை எடுத்துப் போங்கள், பெஞ்சு மரப்பலகை.

பீடோர் வாசகர் — 20 மே 2025, காலை 7.15

தீர்ப்புதான் எல்லாவற்றுக்கும் முதலில் போகும். நான் பார்த்த இரண்டு முறையும் நீதிபதி உட்கார்ந்தவுடன் தீர்ப்பை வாசித்துவிட்டுத்தான் மற்றதை எடுத்தார்.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் — 20 மே 2025, காலை 8.00

நான் வேலை செய்த நீதிபதிகளில் ஒருவர் அப்படிச் செய்வார், மற்றவர்கள் மேலாண்மையை முதலில் முடிப்பார்கள். இது அந்தந்த நீதிபதியின் வழக்கம். உங்கள் இரண்டு முறையும் உண்மை, என் அனுபவமும் உண்மை.

சுங்கை சிப்புட் மகள் — 21 மே 2025, இரவு 9.30

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அடுத்து வருபவர்களுக்குப் பயன்படட்டும்.

8.40க்குப் போய்ச் சேர்ந்தோம். கதவில் ஒட்டியிருந்த தாளில் 9 வழக்குகள் அப்படியே இருந்தன, ஆனால் 3ஆம் எண் விசாரணையின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் வேறு தேதி எழுதியிருந்தது. இணையப் பட்டியலில் இரவு வரை அது அப்படியே இருந்தது. 9.10க்கு நீதிபதி வந்தார். மேலாண்மை நான்கும் 9.30க்குள் முடிந்தன. தீர்ப்பு அதற்குப் பிறகு, சுமார் 20 நிமிடம். அடுத்துப் பட்டியலின்படி 5ஆம் எண் விசாரணை வர வேண்டும், ஆனால் அதன் ஒரு தரப்பு வழக்கறிஞர் வந்து சேரவில்லை. மொழிபெயர்ப்பாளர் எழுந்து எங்கள் எண்ணை வாசித்தார். மணி 9.55. மார்ச்சில் நான் போட்ட கணக்கின்படி இன்று போயிருந்தால், அப்பா கேட்க விரும்பிய எதையும் கேட்டிருக்க மாட்டார்.

வாதம் 40 நிமிடம் நடந்தது. இழப்பீட்டுத் தொகையைக் குறைக்க வேண்டும் என்பதே அவர்களுடைய வாதம். அப்பா தன் பழைய எக்ஸ்-ரே படங்களைப் பையோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அவற்றைக் கேட்கவில்லை. மேல்முறையீட்டில் பதிவேட்டில் இருப்பதை வைத்துத்தான் பேசுவார்கள் என்று வழக்கறிஞர் பிறகு விளக்கினார். தீர்ப்பை நீதிபதி அன்றே சொல்லவில்லை.

தாப்பா தோட்டத்துக்காரர் — 22 மே 2025, பகல் 12.40

நான் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டேன், ஐயா. வழக்கு உயிரோடு இருக்கிறது, ஜூலையில் தேதி. அங்கேயும் கூப்பிடும் வரிசை இப்படித்தானா என்று யாராவது தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பீடோர் வாசகர் — 22 மே 2025, இரவு 8.20

தீர்ப்பு தோற்றால் அடுத்து புத்ராஜெயா, அங்கே எண் எப்படி மாறும்?

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் — 22 மே 2025, இரவு 9.15

அங்கே போனால் மாநில எழுத்து ஒன்றாகச் சுருங்கும், A-02 என்று தொடங்கும். ஆனால் தொகை 250,000 ரிங்கிட்டுக்குக் குறைவாக இருந்தால் முதலில் அனுமதி கேட்க வேண்டும். யார் தோற்றாலும் இதே கதைதான், அதை வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

சுங்கை சிப்புட் மகள் — 23 ஜூன் 2025, இரவு 8.30

ஜூன் 25க்கான பட்டியல் வந்திருக்கிறது. அதே நீதிபதி, அதே எண் AA-12BNCvC-9-02/2024, இம்முறை 12ஆவது இடம், கடைசிப் பத்தியில் Keputusan. குமாஸ்தாவிடம் கேட்டுவிட்டேன், நேரில்தான். முதலில் வாசிப்பாரா, மேலாண்மைக்குப் பிறகா என்று தெரியாது. 8.40க்கு அங்கே இருப்போம்.